இடது பக்கம் கால் அங்குலம்

அந்த ஊரில் குறைந்தது நாலாயிரம் பேருடைய மூக்கு அவளுக்குத் தெரியும். எது நுனியில் பிளந்திருக்கும், எது சிரித்தால் அகலும், எந்தத் தாடைக்கடியில் தழும்பு, எந்த உதடு ஒரு பக்கம் தடிப்பு, எல்லாம் அத்துப்படி. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் இரட்டைத் தாடையைப் போன வாரம்தான் அவள் கையால் குறைத்திருப்பாள். அவரோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். தெரிந்தவரைப் பார்த்தது போல அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். வந்த சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிவிடுவாள்.

ஸ்டூடியோவின் பின்னறையில் இருபத்தோரு வருடமாகப் படங்களைத் திருத்தும் டச்சிங் வேலை செய்கிறாள். முன்னறையில் விளக்கும் குடையும் திரைச்சீலையும் முதலாளியின் ராஜ்யம். பின்னறையில் ஒரு கணினி, திரையில் வரைய ஒரு பேனாப் பலகை, அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். "உள் ரூம்ல குடுத்துடறேன், நாளைக்கு வாங்கிக்குங்க" என்று முதலாளி சொல்லிச் சொல்லி, அவள் பெயரே உள்ரூம் அக்கா என்றாகிவிட்டது. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் உள் ரூம் என்பது ஏதோ மிஷின் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

வயது நாற்பத்தாறு. அம்மா இருந்தவரைக்கும் வீட்டுக்குப் போனால் பேச ஆள் இருந்தது. மூன்று வருடமாக அதுவும் இல்லை. அண்ணன் கடல் தாண்டி இருந்தான், பிறந்த நாளுக்குத் தவறாமல் கூப்பிடுவான், "வேற என்ன?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுவான். வேற என்ன என்பதற்கு அவளிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை.

நோய்த்தொற்றுக் காலம் முடிந்ததும் புதுவிதமான வேலைகள் வரத் தொடங்கின. அந்த இரண்டு வருடத்தில் எடுத்த படங்களில் பாதி முகம் துணிக்குள் இருந்தது. நிச்சயதார்த்தத்தில், குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கும்போது, கடைசியாக எல்லாரும் ஒன்றாக நின்றபோது எல்லாவற்றிலும் மாஸ்க். "இத மட்டும் எடுத்துக் குடுங்க" என்று வந்து நின்றார்கள், சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பது போல.

மாஸ்க்கை எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அதற்கடியில் என்ன இருந்தது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அதே ஆளின் மாஸ்க் இல்லாத படம் இரண்டாவது வேண்டும், அதே வயதை ஒட்டியதாக இருக்கவேண்டும், முடிந்தால் அதே பக்கம் திரும்பியதாக இருக்கவேண்டும். அது கிடைத்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள். ஒரே ஒரு தடவை அந்த வழக்கத்தை மீறினாள். நான் சொல்ல வந்தது அந்த ஒரு தடவையைப் பற்றித்தான்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், அந்த வருடங்களில் பணியில் இருந்தபோதே இறந்துபோன பதினோரு பேருடைய படங்களை நடைபாதைச் சுவரில் மாட்டுவதாக முடிவு செய்திருந்தார்கள். பத்துப் படங்கள் சுலபமாக முடிந்தன. பதினொன்றாவது, சலவைத் துணி அறையில் வேலை பார்த்த ஒரு பெண்மணி. தடுப்பூசி போட்ட நாளில் யாரோ கைப்பேசியில் எடுத்த படம். நீல நிற மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள், நரை தொட்ட முன்முடி. அவ்வளவுதான்.

"வேற படம் இருக்கான்னு கேளுங்க" என்றாள் முதலாளியிடம்.

முதலாளி கேட்டார். ஆஸ்பத்திரி மேனேஜர் போனிலேயே அலுத்துக்கொண்டார். "பழைய ஃபைலெல்லாம் கிடங்குல மூட்டை கட்டிப் போட்டிருக்கு சார். அதத் தேட ஆள் இல்ல. அந்தம்மா நம்பருக்கு அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். நாளன்னைக்குத் திறப்பு. நீங்களே பாத்து நல்லாப் பண்ணிடுங்க."

பத்து பேருக்கு முகம் இருந்து ஒருத்திக்கு மட்டும் மாஸ்க் இருந்தால் நன்றாக இருக்காது என்பது அவர் கட்சி. முதலாளியும் கதவில் சாய்ந்து நின்றார். "மாஸ்க்க எடுக்க அதுல ஒரு பட்டன் இருக்கே, அத அமுக்கேன்."

அவள் அமுக்கினாள். கணினி பத்து விநாடி யோசித்து, மாஸ்க் இருந்த இடத்தில் ஒரு முகத்தை நிரப்பியது. நேரான மூக்கு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறங்கி அழகாக முடியும் தாடை. உதடு பிரிந்து, வரிசை பிசகாத வெள்ளைப் பற்கள். ஆள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. உண்மையாகச் சிரிக்கிறவர்களுக்குக் கன்னம் மேலேறி, கீழ் இமையைக் கொஞ்சம் தள்ளும். இந்தக் கண்கள் யாரோ "இங்க பாருங்க" என்றதும் பார்த்த கண்கள். கழுத்து ஐம்பது வயதுக்காரியுடையது, தாடை முப்பதுடையது. அவள் காதை மட்டும் சரி செய்தாள். மாஸ்க் நாடா இழுத்து முன்னால் மடக்கியிருந்த காது மடலைப் பின்னுக்குக் கொண்டுபோனாள். கன்னத்தில் நாடா பதித்த பள்ளத்தை நிரப்பினாள். கண்ணுக்கடியில் துணியின் நீலம் பட்டு வெளிறியிருந்த தோலுக்கு நிறம் கொடுத்தாள். பற்களை மூடி, சிரிப்பைப் பாதியாக்கினாள். அதற்குமேல் எதை வைத்துத் திருத்துவது? அந்தப் பெண்மணியை அவள் பார்த்ததில்லை.

"இது யாரோ சார்" என்றாள்.

"யாரோதான். நமக்கு அவங்க யாரோதானே" என்று சொல்லிவிட்டு முதலாளி படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

திறப்பு விழா நடந்தது. நாலாம் நாள் மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், முன்னறையில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் செருமல் மட்டும்தான். பிறகு அவளே எழுந்து வெளியே போனாள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மனிதர். சட்டைக் காலரில் இரண்டு குண்டூசி குத்தியிருந்தது, கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினார். ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த பதினொன்றாவது படம்.

"இது இங்க பண்ணினதுதானா?"

"ஆமா."

"இது யாரும்மா?"

அவள் கைப்பேசியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"கீழ என் பொண்டாட்டி பேரு போட்டிருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு யாரும் சொல்லல. அங்க வேலை பாக்கறவங்க ஒருத்தர் யூனிஃபார்ம் தைக்க வந்தாங்க, அக்கா போட்டோ மாட்டியிருக்குன்னு சொன்னாங்க. போனேன். ஒண்ணாவதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பாத்துட்டுத் திரும்பி வந்தேன். அவ இல்ல. அப்புறம் பேரப் படிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணவன் பேரப் படிச்சுக் கண்டுபிடிக்கறேன்."

"தப்பு என்னோடதுதான் அண்ணா" என்றாள் அவள். மேனேஜர், அவசரம், கிடங்கு என்று சொல்ல நிறைய இருந்தது. எதையும் சொல்லத் தோன்றவில்லை. "உள்ள வந்து உக்காருங்க."

பின்னறைக்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்வது அதுதான் முதல் தடவை. இரண்டாவது நாற்காலி இல்லாததால் தன்னுடையதை அவருக்குக் கொடுத்துவிட்டு, காகிதப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இதுல எது அவங்க, எது அவங்க இல்லைன்னு சொல்லுங்க."

தையல்காரர் திரையைப் பார்க்கப் பிடிக்காதவர் போலப் பார்த்தார். "கண்ணு அவ. நெத்தி அவ. அதுக்குக் கீழ நான் பாத்ததே இல்ல." தன் இடது தாடையைத் தொட்டுச் சொன்னார், "அவளுக்குச் சின்ன வயசுல படியில விழுந்து தாடை ஒடஞ்சிருக்கு. கட்டுப் போட்டாங்களாம், ஆனா சரியாக் கூடல. இடது பக்கம் எறங்கி நிக்கும். வாயும் அந்தப் பக்கம் கொஞ்சம் கோணும். பேசினா கோணறது தெரியும். அதனால பேசறப்ப கைய வாய்கிட்ட வச்சுக்குவா. போட்டோன்னாலே எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போயிடுவா."

"வீட்ல எதாவது படம் இருக்குமா?"

"ரெண்டு இருக்கும். தேடணும்."

மறுநாள் மத்தியானம் கொண்டு வந்தார். ஒன்று, கல்யாணம் ஆன புதிதில் எடுத்த குடும்பப் படம். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி, தலையை நன்றாக இடது பக்கம் திருப்பி, வலது கன்னத்தை மட்டும் காட்டி நிற்கிறாள். இன்னொன்று, வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அடையாள அட்டைப் படம். தபால்தலை அளவு, நேர் முகம், முத்திரையின் மை சரியாக முகவாய் மேல் விழுந்து பாதியை மறைத்திருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது.

அவள் வேலையைத் தொடங்கினாள். தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலிகள் இப்போது, முன்னறையிலிருந்து அவள் முதலாளியைக் கேட்காமலே ஒன்றை எடுத்து வந்து போட்டிருந்தாள்.

நீல மாஸ்க் படத்திலேயே சில விஷயங்கள் இருந்தன. மாஸ்க்கின் மேல் விளிம்பில் கம்பி மடிந்திருந்த விதத்தில் மூக்குத் தண்டின் அகலம் தெரிந்தது. துணி கூடாரம் போல முட்டி நின்ற இடம் மூக்கு நுனி. கீழ்ப்பக்கம் சுருக்கங்கள் எல்லாம் ஒரு புள்ளியில் இருந்து கிளம்பின, அது முகவாய். அந்தப் புள்ளி மூக்குக்கு நேர் கீழே இல்லை, இடது பக்கம் தள்ளியிருந்தது. முதல் தடவை அவள் இதைக் கவனித்திருக்கவேண்டும். பட்டனை அமுக்கினவள் எங்கே கவனித்தாள்?

அடையாள அட்டையிலிருந்து மூக்கை எடுத்துக்கொண்டாள். நடுவில் சின்ன மேடு, நுனி கொஞ்சம் தடிப்பு. பத்தொன்பது வருடத்தில் நுனி தாழ்ந்திருக்கும், மூக்கோரத்தில் இருந்து வாய்க்கு ஓடும் கோடு ஆழமாகியிருக்கும், மேல் உதடு மெலிந்திருக்கும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். தாடைக்கு வந்தபோது சிக்கல். நீல மாஸ்க் படத்தில் அந்தப் பெண்மணியின் இடது கன்னம்தான் கேமராவைப் பார்த்திருந்தது. குடும்பப் படத்தில் இருப்பதோ வலது கன்னம். அவள் வழக்கமாகச் செய்வது போலக் குடும்பப் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் பொருத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"என்னம்மா பண்ணினீங்க?" என்றார் தையல்காரர் உடனே.

"பக்கம் மாத்தி வச்சேன் அண்ணா. ரெண்டு கன்னமும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கும், அதனால..."

"அது நல்ல பக்கம்மா. அத இந்தப் பக்கம் வச்சா, எலும்பு ஒடஞ்சதே இல்லேன்னு ஆயிடும். அவ பட்டது பட்டதுதானே."

அவள் அதை அழித்தாள். பிறகு, இறங்கியிருக்கும் என்றால் எவ்வளவு, முகவாய் எவ்வளவு தள்ளி, என்று கேட்டாள். விரலால் காட்டப் போனவர், கையை நடுவழியில் நிறுத்தினார்.

"அளவே இருக்கும்மா. கடைல இருக்கு."

அரை மணியில் திரும்பி வந்தார். கையில் பழுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு துண்டுகள், ஒரு துணி மாஸ்க். நோய்க்காலத்தில் கடையில் விற்கிற மாஸ்க் எதுவும் மனைவிக்குப் பொருந்தவில்லையாம். வலது பக்கம் இறுக்கும், இடது பக்கம் மேலேறி வாயோரம் தெரியும். கடைசியில் அவரே ஒருநாள் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து முகத்துக்கு அளவெடுத்தார். மூக்குத் தண்டிலிருந்து முகவாய்க்கு, முகவாயிலிருந்து இரண்டு காதுக்கும், தனித்தனியாக. யாருக்குத் தைத்தாலும் இரண்டு துண்டையும் ஒரே அட்டையில் வெட்டுவார். அவளுக்கு மட்டும் இரண்டு அட்டை. இடது துண்டின் மேல் பென்சிலில், "கால் அங்குலம் கூட" என்று எழுதியிருந்தது.

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல அன்னிக்குத்தான் என்னைத் தொட்டுப் பாக்க விட்டா" என்றார், அட்டையைப் பார்த்துக்கொண்டே. "அந்த எடத்த."

கால் அங்குலத்தை வைத்துக்கொண்டு அவள் இடது தாடையை இறக்கினாள். அவர் வெட்டிய அட்டையில் மூக்குத் தண்டிலிருந்து முகவாய்க்கு உள்ள நீளத்தைப் படத்தில் அதே நீளத்தோடு ஒப்பிட்டு, அந்தக் கணக்கில் கால் அங்குலத்தைப் படத்தின் அளவுக்குக் கொண்டுவந்தாள். வாயின் இடது ஓரம் தானாகக் கீழே வந்தது. உதடுகளை மூடியே வைத்தாள், கண் எப்படி இருக்கிறதோ வாயும் அப்படித்தான் இருக்கவேண்டும். வெளிச்சம் அந்தப் படத்தில் வலது மேலிருந்து வந்தது. அதனால் இறங்கிய தாடைக்கடியில் நிழல் கொஞ்சம் கனமாக விழுந்தது. அந்த நிழலைப் போட்டு முடித்த நொடியில், தையல்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கே பார்க்க அடுத்த கட்டடத்துச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

"மேல் உதட்டுல கொஞ்சம் பூனை மயிர் இருக்கும்" என்றார் திரும்பாமலே.

அதையும் போட்டாள்.

"சுவத்துல இத மாத்திடச் சொல்லட்டுமா அண்ணா?"

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று போய்விட்டார். படத்தைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் வேறு வேலை செய்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டைகள், ஒரு வீட்டு விசேஷம். இடைவெளியில் அந்த முகத்தைத் திறந்து பார்ப்பாள். வாழ்நாள் முழுக்கக் கையால் மறைத்துக்கொண்ட ஒரு வாயைத் தான் திறந்துவைத்திருக்கிறோமே என்று இருந்தது. அந்தம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பக்கத்துக் காலி நாற்காலியிடம் கேட்பது போல இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். தனியாகப் பேசுகிற வழக்கம் வந்துவிட்டதா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வந்தார்.

"அவளுக்கு அந்த மாஸ்க் ரொம்பப் பிடிச்சுப் போச்சும்மா. ஊருக்கே அது தொல்லை, இவளுக்கு விடுதலை. கைய வாய்லேர்ந்து எடுத்துட்டா. பஸ்ல பக்கத்துல இருக்கறவங்களோட பேசிட்டு வருவா. ஆஸ்பத்திரில டாக்டரம்மாவையே கிண்டல் பண்ணுவாளாம், எனக்கு அவ செத்தப்புறம்தான் தெரியும். எல்லாரும் கழட்டினப்புறமும் இவ கழட்டல. கேட்டா, துணி அறையில தூசின்னுவா." அவர் அளவு நாடாவை விரலில் சுற்றினார், பிரித்தார். "அவ மறைச்சது அவ இஷ்டம். அத நான் சுவத்துல ஏத்திக் காட்ட மாட்டேன். ஆனா அதுக்காக வேற ஒருத்தி மூஞ்சிய மாட்டிக்கிட்டு நிக்கவும் வேணாம்."

"அப்ப அந்த நீல மாஸ்க் படத்தையே போட்டுடலாமா?"

"அது அன்னிக்கு வாசல்ல குடுத்தாங்கன்னு போட்டது. காதக் கடிக்குதுன்னு சாயங்காலம் வரைக்கும் திட்டிக்கிட்டிருந்தா. நான் தச்சதப் போடுங்க. அங்க எல்லாரும் அவள அதுலதான் பாத்திருக்காங்க."

மாஸ்க் போடுவதும் எடுப்பதைப் போலத்தான், சிலருக்கு விளையாட்டு. ஒரு துணிப் படத்தை எடுத்து முகத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள், எல்லாருடைய தாடையும் ஒரே மாதிரி கூராக ஆகிவிடும். அவள் அப்படிச் செய்ய விரும்பவில்லை. அவரது துணி எந்த இடத்தில் இழுபடும், எந்த இடத்தில் நெகிழும் என்று பார்க்க, அது ஒரு முகத்தில் இருக்கவேண்டும். அங்கே இருந்த பெண் முகம் அவளுடையது ஒன்றுதான்.

"நான் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார். துவைத்து மடித்த சாம்பல் நிறப் பருத்தித் துணி. அவள் ஜன்னலின் இடது பக்கமாக உட்கார்ந்து, வெளிச்சம் வலது மேலிருந்து விழும்படி திரும்பி, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். கேமராவைத் தாங்கியில் வைத்து, அந்தப் படத்தில் தலை எவ்வளவு திரும்பியிருந்ததோ அவ்வளவு திரும்பினாள். வலது பக்கம் ஒட்டி நின்றது. இடது பக்கம், தாடைக்கடியில், துணி பையாகத் தொங்கியது. அந்தக் கால் அங்குலம் காலியாக இருந்தது.

தையல்காரர் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தொழிலாளியின் முகம் வந்தது அவருக்கு. கிட்டே வந்து, தொடாமல், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"உங்க தாடை சின்னதும்மா. ரெண்டு பக்கமும் சரியா இருக்கு, ஆனா முகவாய் கொஞ்சம் உள்வாங்கி இருக்கு. உங்களுக்குத் தைக்கறதா இருந்தா இங்க ஒரு மடிப்பு பிடிக்கணும்."

அவளுக்குச் சட்டென்று கண் கலங்கியது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவளுடைய முகத்தைப் பற்றி ஒரு ஆள் இரண்டு வாக்கியம் பேசி எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பார்க்க முயன்றாள், எண்ணிக்கை அம்மாவிடம் போய் நின்றது. நல்லவேளை, பாதி முகம் துணிக்குள் இருந்தது.

"பஞ்சு இருக்கா?" என்றார் அவர். அவள் மேசை இழுப்பறையில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பஞ்சைக் கிள்ளிக் கொடுக்க, அவள் இடது பக்கம் உள்ளே செருகிக்கொண்டாள். துணி நிரம்பி, விளிம்பு கோடாக நின்றதும், "போதும்" என்றார். அவள் ரிமோட்டை அமுக்கினாள்.

பிறகு இரண்டு மணி நேரம் வேலை. தான் கட்டி முடித்த முகத்தின் மேல் அந்தத் துணியை உட்காரவைத்தாள். மூக்கு மேட்டில் துணி தூக்கியது, இரண்டு பக்கமும் சரிந்தது. மேல் விளிம்பின் மெல்லிய நிழல் கன்னத்தில் விழுந்தது. நாடா காதை லேசாக முன்னால் இழுத்தது. கீழ் விளிம்பு, ஒட்டவைத்ததைப் போல நேராக ஓடாமல், தாடை போன வழியே இறங்கி ஏறியது. பார்க்கிறவர்களுக்கு வெறும் ஒரு கோணல் மாஸ்க்.

முதலாளிதான் முரண்டு பிடித்தார். "முகம் தெரியற படம் ஒண்ணு மாட்டியாச்சு, எல்லாரும் பாத்தாச்சு. அத எடுத்துட்டு மாஸ்க் போட்டத மாட்டுனா, ஒழுங்கா வேலை தெரியாதவங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைக்கட்டும் சார்" என்றாள். இருபத்தோரு வருடத்தில் அவரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான். அவர் ஆச்சரியப்பட்டாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் அவளே புதுப் படச் சட்டத்தை எடுத்துக்கொண்டு தையல்காரரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இருக்கறதே பாக்க நல்லாத்தானே இருக்கு? சிரிச்ச முகமா, லட்சணமா..."

"சார், அந்தச் சிரிச்ச முகத்த உங்க ஆளுங்க யாருக்காவது தெரியுமான்னு கேளுங்க" என்றாள்.

அவர் கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை. அவள் பழைய சட்டத்தைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தபோதே, துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்றுவிட்டாள். "ஐயோ, அக்கா!" என்றாள். அவ்வளவு சத்தமாகச் சொன்னதற்குத் தானே வெட்கப்பட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நர்ஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, இவங்களா! நான் அந்தப் படத்தப் பாத்துட்டு, இதே பேர்ல வேற யாரோன்னு நெனச்சேன். அந்தக் கோணல் மாஸ்க்க எங்க பாத்தாலும் சொல்லிடுவேனே. என்னைப் பாத்தா, என்ன சிஸ்டர், இன்னிக்கு எத்தன பேரக் குத்தினீங்கன்னு கேப்பாங்க." இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். தையல்காரர் சுவரோரமாக நின்று, தனக்குத் தெரியாத ஒருத்தியைப் பற்றிக் கேட்பது போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மேனேஜர் தன் அறைக்குப் போனார்.

வாசலில் அவள் ஓர் உறையைத் தையல்காரரிடம் கொடுத்தாள். மாஸ்க் இல்லாத முகம், அஞ்சலட்டை அளவில். "இது உங்களுக்கு மட்டும். கணினில இருந்ததையும் அழிச்சுட்டேன் அண்ணா. இது ஒண்ணுதான் இருக்கு."

அவர் உறையைத் திறக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "கடைப் பக்கம் வாங்கம்மா" என்றார். எல்லாரும் சொல்வதுதான். அவளும் எல்லாரையும் போல "வரேன் அண்ணா" என்றாள். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பேருந்துகளில் ஏறினார்கள்.

அவள் போகவில்லை. ஒரு தடவை அந்தத் தெரு வரைக்கும் போனாள். அவர் மிஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லி உள்ளே நுழைவது என்று தெரியவில்லை. தைக்கக் கொடுக்கக் கையில் துணியும் இல்லை. எதிர்ப்பக்கமாகவே நடந்து வந்துவிட்டாள்.

ஆனால் பின்னறையில் ஒன்று மாறியது. மாஸ்க் எடுக்கும் வேலை வந்தால், அவளே முன்னறைக்கு வந்து நின்று, "இவங்கள நேர்ல பாத்தவங்க யாராவது ஒருத்தர் என் பக்கத்துல உக்காரணும்" என்றாள். முதலாளி முனகினார், சிலர் வேறு கடைக்குப் போனார்கள், சிலர் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது நாற்காலி பின்னறையிலேயே தங்கிவிட்டது. உட்கார்ந்தவர்கள் மூக்கையும் உதட்டையும் பற்றிப் பேசத் தொடங்கி, அந்த ஆளைப் பற்றிப் பேசி, சில சமயம் அழுது, வேலை முடிந்ததும் எழுந்து போவார்கள். அடுத்த வாரம் பேருந்தில் பார்த்தால் சிலருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. சிலருக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் மழை தொடங்கியபோது கண்ணில் நீர் வடிகிறது என்று அவள் அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டோக்கன் வாங்கிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் பதினோரு பேரும் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அலுப்புத் தாங்காமல் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் நிறுத்தினார்.

"அந்தம்மா மாஸ்க்க கோணலாப் போட்டிருக்காங்க பாருங்க" என்றார் அவளிடம். "போட்டோ எடுக்கறவனாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"இல்லைங்க, அவங்களுக்கு அதுதான் சரியான அளவு" என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா" என்று சொன்னாள். அவர் மேற்கொண்டு கேட்பார் என்று எதிர்பார்த்து, சொல்வதற்கு ஒன்றிரண்டு விஷயங்களை மனதில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குள் அவருடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவள் எண்ணுக்கு முன்னால் இன்னும் பதினாலு பேர் இருந்தார்கள்.